பீட்டா குளோபின் எடிட்டிங்: திருத்தின க்ளோன்ல டெல்டா ஜீனோட எழுத்து எப்படி வந்துச்சு? கைட் தப்பா?

நிலா_பெட்ரிடிஷ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், பிஎச்டி ரெண்டாவது வருஷம், ரெண்டு மாசமா ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

சிக்கில் செல் நோயாளியோட ஐபிஎஸ் செல்லுல பீட்டா குளோபின் ஜீனோட 6ஆவது கோடானை GTGல இருந்து GAGக்கு மாத்தணும், அதான் வேலை. காஸ்9 புரதத்தையும் எங்க வெட்டணும்னு அதுக்கு காட்டுற கைடையும் சேர்த்து எலக்ட்ரோபொரேஷன் பண்ணி உள்ள விட்டோம், கூடவே ஒத்தை இழை டிஎன்ஏ டோனர். லேப்ல ஏற்கனவே நல்லா வெட்டுதுன்னு பேர் வாங்கின கைட் ஒண்ணு இருந்துச்சு, அதையே எடுத்துக்கிட்டேன்:

```
CACGTTCACCTTGCCCCACA GGG
```

திரும்ப வெட்டாம இருக்க டோனர்ல 13ஆவது கோடானை GCCல இருந்து GCTன்னு மாத்தி வெச்சேன், காஸ்9 வெட்டுறதுக்கு முன்னாடி பிடிக்கிற பேம் எழுத்து போயிடும், புரதம் மாறாது.

48 க்ளோன் எடுத்து சாங்கர் பண்ணதுல 7 க்ளோன் சுத்தமா GAG காட்டுது, ஒத்தை பீக், பக்கத்துல GTG நிழலே இல்ல. சந்தோஷப்பட்டேன். ஆனா அதுல 4 க்ளோன்ல நான் வெச்ச GCT அடையாளம் இல்ல!! அதுக்கு பதிலா நான் டோனர்ல எழுதவே எழுதாத மாற்றம் நாலஞ்சு இருக்கு. 14ஆவது க்ளோன் இது (கடைசி வரி டெல்டா ஜீன், சும்மா தேடிப் பாத்தப்ப கிடைச்சது):

```
patient  ATGGTGCATCTGACTCCTGTGGAGAAGTCTGCCGTTACTGCCCTGTGGGGCAAGGTG
clone14  ATGGTGCATCTGACTCCTGAGGAGAAGACTGCTGTCAATGCCCTGTGGGGCAAGGTG
HBD      ATGGTGCATCTGACTCCTGAGGAGAAGACTGCTGTCAATGCCCTGTGGGGCAAAGTG
```

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, இது எப்படி நடக்கும். ரெண்டு, கைட் டிசைன் ஆஃப் டார்கெட்டை மட்டும்தான் தீர்மானிக்கும், ரிப்பேர் எந்த வழியில போகும்ங்கிறது செல்லும் டோனரும் சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சிட்டு இருந்தேன், அது தப்பா?

---

குமரன்78 எழுதியது:

ப்ரோ சாரி சிஸ்டர், இது ஜீன் கன்வெர்ஷன், சந்தேகமே வேணாம். பீட்டாவும் டெல்டாவும் அக்கா தங்கச்சி ஜீன், ஒரே குரோமோசோம்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு. பீட்டாவுல வெட்டு விழுந்ததும் செல் டெம்ப்ளேட் தேடும்ல, உங்க டோனருக்கு பதிலா டெல்டாவை பாத்து காப்பி அடிச்சிருச்சு. டெல்டாவுல 6ஆவது கோடான் எல்லாருக்கும் GAGதான், அதனால நோயும் சரியாகிடுச்சு. உங்களுக்கு அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோங்க 😀

டோனரைப் பாத்து திருத்துற எச்டிஆர் பத்தலன்னா AZD7648ங்கிற மருந்தைப் போடுங்க, வெட்டு முனையை அப்படியே ஒட்டுற என்எச்ஈஜே வழியையே அடைச்சிடும். நாங்க வேற ஒரு ஜீன்ல போட்டோம், 20%ல இருந்து 80% தாண்டிடுச்சு எச்டிஆர்.

---

தாமரை_சேலம் எழுதியது:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க அக்கா பையனுக்கு தலசீமியா, மூணு வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் ஏத்துறோம். காஸ்ஜெவின்னு ஒரு கிரிஸ்பர் சிகிச்சை வந்திருக்குன்னு படிச்சேன், அதுலயும் இதே மாதிரி பக்கத்து ஜீனை வெட்டிடுமா, நீங்க பேசுறதை பாத்தா பயமா இருக்கு.

---

வேம்பு எழுதியது:

தாமரை அம்மா, முதல்ல உங்களுக்கு சொல்லிடுறேன். அந்த சிகிச்சை பீட்டா குளோபின் ஜீனை தொடவே தொடாது. அது வெட்டுறது பிசிஎல்11ஏங்கிற வேற ஜீனுக்குள்ள இருக்கிற ஒரு சுவிட்ச் மாதிரியான துண்டை, அந்த சுவிட்ச் கெட்டுப்போனா கருவுல இருந்தப்ப ஓடின ஹீமோகுளோபின் மறுபடியும் உற்பத்தியாகும். சுவிட்சை கெடுக்கிறதுதான் நோக்கம்ங்கிறதால டோனர் தேவையில்ல, வெட்டி விட்டா செல் தப்புத்தப்பா ஒட்டிக்கிறதே போதும். அதனால இந்த இழையில வர்ற டெல்டா பிரச்சனை அங்க கிடையாது. பையனுக்கு பொருந்துமான்னு ரத்தநோய் டாக்டர்தான் பாத்து சொல்லணும்.

நிலா, இப்போ உன் விஷயம். குமரன் சொன்னது நடக்கக்கூடியதுதான், ஆனா சந்தேகமே வேணாம்னு சொன்னாரு பாரு அதைத்தான் ஏத்துக்க முடியாது. உன் கைடை எடுத்து டெல்டா ஜீன்ல அதே இடத்துக்கு நேரா வெச்சுப் பாரு:

```
guide  CACGTTCACCTTGCCCCACA GGG
HBD    CACGTTCACTTTGCCCCACA GGG
```

20 எழுத்துல ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம், 10ஆவது எழுத்து. அதுவும் பேம்ல இருந்து எண்ணினா 11ஆவதா தள்ளி இருக்கு. காஸ்9 பேமை பிடிச்சதும் அங்கிருந்துதான் இழையை பிரிச்சுக்கிட்டே போகும், முதல் பத்து எழுத்துக்கிட்ட தப்பு இருந்தா ஆரம்பத்துலயே விட்டுட்டு போயிடும், அதை தாண்டி ஒரு தப்புன்னா பெரும்பாலும் பொறுத்துக்கும். பேமும் அதே GGG. அதனால இந்த கைடுக்கு டெல்டாவை ஆஃப் டார்கெட்னு சொல்றதே கம்மி, அது ரெண்டாவது டார்கெட். பீட்டா குளோபினுக்கு எழுதின கைடுங்க டெல்டாவை வெட்டுதுன்னு 2013லயே அறிக்கை வந்தாச்சு.

இப்போ யோசி. ஒரே குரோமோசோம்ல ரெண்டு வெட்டு, நடுவுல ஏழு கிலோபேஸ் சொச்சம். டெல்டா முன்னாடி, பீட்டா பின்னாடி. என்எச்ஈஜேக்கு எந்த முனை எந்த முனையோடதுன்னு தெரியாது, கையில கிடைச்ச ரெண்டு முனையை ஒட்டும். டெல்டாவோட முன்பாதியும் பீட்டாவோட பின்பாதியும் ஒட்டிக்கிச்சுன்னா நடுவுல இருந்த ஏழு கிலோபேஸும் போச்சு. ஒட்டின இடத்துல என்ன எழுத்து வரும்? வெட்டு வரைக்கும் டெல்டா, வெட்டுக்கு அப்புறம் பீட்டா. உன் 14ஆவது க்ளோனை மறுபடி பாரு, `ACTGCTGTCAAT` வரைக்கும் டெல்டா, கடைசியில `AAGGTG` பீட்டா. உன் கைட் வெட்டுற இடம் `CCCTGT` தாண்டினதும், மாற்றம் சரியா அதோட ரெண்டு பக்கமும் பிரியுது.

இந்த டெல்டா பீட்டா ஒட்டு ஜீன் இயற்கையிலயே உண்டு, ஹீமோகுளோபின் லெபோர்னு பேரு, அதுவும் ஏறக்குறைய இதே ஏழு கிலோபேஸ் இழப்புலதான் வருது. டெல்டாவோட ப்ரமோட்டர் பலவீனமானது, அதனால அந்த ஜீன் கொஞ்சமாத்தான் புரதம் செய்யும், தலசீமியா மாதிரி ஆயிடும். அதிர்ஷ்டம் இல்ல குமரா இது.

உன் ஃபார்வர்ட் ப்ரைமர் எங்க உக்காருது நிலா? ரிவர்ஸ் எங்க?

---

நிலா_பெட்ரிடிஷ் எழுதியது:

அண்ணா படிச்சிட்டு கை நடுங்குது. ஃபார்வர்ட் ஏடிஜிக்கு சரியா முன்னாடி இருக்கிற 5' யூடிஆர்ல, ரிவர்ஸ் ரெண்டாவது இன்ட்ரானுக்குள்ள. இப்போ டெல்டாவோட யூடிஆரை பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ப்ரைமர் இடத்துல ஒரு எழுத்துதான் மாறுது, அதுவும் நடுவுல.

அப்போ டெல்டா ஜீனே ஆம்ப்ளிஃபை ஆகியிருக்கலாம்ல? எடிட்டிங்கே நடக்காம?

---

வேம்பு எழுதியது:

அண்ணா இல்லம்மா, அக்கா 🙂

நல்ல கேள்வி, அதைத்தான் முதல்ல கழிக்கணும். ரெண்டாவது இன்ட்ரான்ல பீட்டாவும் டெல்டாவும் நல்லாவே வேறுபடும், அதனால உன் ரிவர்ஸ் ப்ரைமர் டெல்டாவுல பிடிக்காது. உன் ரீடுக்குள்ளயே சாட்சி இருக்கு, முழு டெல்டாவா இருந்தா 17ஆவது கோடான் AAAன்னு வந்திருக்கணும், உனக்கு AAG வந்திருக்கு. இன்னும் தள்ளிப் போய் 22ஆவது கோடானைப் பாரு, டெல்டாவுல GCA, பீட்டாவுல GAA. அங்க GAA இருந்தா டெல்டா தனியா ஆம்ப்ளிஃபை ஆகலன்னு உறுதி.

அப்போ மிச்சம் ரெண்டு வாய்ப்பு, ஒட்டு ஜீன், இல்லன்னா குமரன் சொன்ன ஜீன் கன்வெர்ஷன். இந்த ரெண்டும் உன் ப்ரைமருக்கு நடுவுல எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும், சாங்கரை நூறு தடவை பண்ணாலும் பிரிக்க முடியாது. பிரிக்கிறது வெளியில இருந்துதான்:

பீட்டாவோட ப்ரமோட்டருக்கு மேல ஒன்றரை கிலோபேஸ் தள்ளி, டெல்டாவுல இல்லவே இல்லாத எழுத்துல ஒரு புது ஃபார்வர்ட் போடு, பழைய ரிவர்ஸோட ஓட்டு. ஒட்டு ஜீன்ல அந்த இடமே போயிருக்கும், பேண்டு வராது. கன்வெர்ஷன்னா இடம் அப்படியே இருக்கும், பேண்டு வரும், உள்ள டெல்டா எழுத்தும் இருக்கும். அப்புறம் டெல்டாவுக்கு மேல ஒரு ஃபார்வர்ட் போட்டு அதே பீட்டா ரிவர்ஸோட ஓட்டு, எக்ஸ்டென்ஷன் நேரத்தை குறைச்சு வெச்சுக்கோ. சாதாரண செல்லுல ஏழெட்டு கிலோபேஸ் தூரம் அந்த நேரத்துல வராது, ஒட்டு ஜீன்ல மட்டும் சின்ன பேண்டு வரும். மூணாவதா நடுவுல தொலையுற துண்டுக்குள்ள ஒரு இடத்துல காப்பி எண்ணிக்கை பாரு, டிஜிட்டல் பிசிஆர் இருந்தா நல்லது, இல்லன்னா கியூபிசிஆர் மூணு ரெப்ளிகேட்டோட. ரெண்டு வரணும். ஒண்ணோ பூஜ்யமோ வந்தா புரிஞ்சுக்கோ.

GCT அடையாளம் உள்ள 3 க்ளோனுக்கும் சேர்த்து பண்ணு. ஹோமோசைகஸ்னு நீ நினைக்கிறதுல ஒரு அல்லீல் சுத்தமா தொலைஞ்சு, மிச்சம் இருக்கிற ஒண்ணு மட்டும் ஒத்தை பீக் காட்டிட்டு இருக்கலாம்.

---

குமரன்78 எழுதியது:

சரி மேடம், ஒட்டு ஜீன் யோசிக்கல, ஒத்துக்கிறேன். ஆனா AZD7648 பத்தி ஒண்ணும் சொல்லலையே. என்எச்ஈஜேதான் ரெண்டு முனையை ஒட்டுதுன்னா அதை அடைச்சா இந்த டிலீஷனும் வராதுல்ல?

---

ராகவ்_பயோஇன்ஃபோ எழுதியது:

இதுக்கு நான் வர்றேன், ஏன்னா அந்த டேட்டாவை அனலைஸ் பண்ணி ஏமாந்திருக்கேன். எங்க லேப்ல 300 பேஸ் ஆம்ப்ளிகான் சீக்வென்ஸ் பண்ணோம், மருந்து போட்ட சாம்பிள்ல எச்டிஆர் எகிறிப் போய் நின்னுச்சு, எல்லாரும் குதிச்சோம். அப்புறம் நீள ரீடு எடுத்துப் பாத்தா கிலோபேஸ் கணக்குல ஓட்டை. ப்ரைமர் உக்காருற இடமே போன அல்லீல் எண்ணிக்கையிலயே வராது, கீழ இருக்கிற மொத்தம் சுருங்கும், எச்டிஆர் சதவீதம் தானா ஏறும்.

2024ல சூரிச் ஈடிஎச்ல இருந்து இதே மருந்தைப் பத்தி பேப்பர் வந்துச்சு, கிலோபேஸ் டிலீஷன், குரோமோசோம் கையே போறது, ட்ரான்ஸ்லொகேஷன் வரைக்கும். என்எச்ஈஜேவை அடைச்சா வெட்டு ஒட்டாம ரொம்ப நேரம் திறந்தே கிடக்கு, முனையை என்சைம் தின்னுக்கிட்டே போகுது, கடைசியில ஒரே மாதிரி இருக்கிற சின்ன எழுத்துத் துண்டுகளை ஜோடி சேர்த்து ஒட்டுற எம்எம்ஈஜே மாதிரி வழி அதை பிடிச்சு ஒட்டுது. வேகமான வழியை மூடினா எல்லாமே எச்டிஆர் பக்கம் போயிடும்னு இல்ல ப்ரோ.

உங்க 80% எப்படி அளந்தீங்க?

---

குமரன்78 எழுதியது:

ஷார்ட் ஆம்ப்ளிகான்தான்… 250 பேஸ். திங்கக்கிழமை லேப்ல பேசுறேன்.

---

வேம்பு எழுதியது:

அதுவும் நிலா கேஸ்ல மருந்து போட்டா இன்னும் மோசம், ஏன்னா அவ கைட் ரெண்டு இடத்துல திறக்குது. ரெண்டு வெட்டும் ஒரே நேரத்துல திறந்து கிடக்கிற நேரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அவ்வளவு மாத்தி ஒட்டுற வாய்ப்பு.

நிலா, உன் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், அதுதான் எனக்கு முக்கியமா படுது. கைட் வெட்டுற இடத்தை முடிவு பண்ணும், ரிப்பேரை செல் முடிவு பண்ணும்னு பிரிச்சு வெச்சிருக்கே. செல் சுழற்சில எந்த கட்டம், எந்த புரதம் இருக்குங்கிறதெல்லாம் செல் கையில உள்ளதுதான். எச்டிஆர் நடக்கணும்னா டிஎன்ஏ இரட்டிக்கிற கட்டமோ அதுக்கு அப்புறமோ வேணும், அதை கைட் மாத்தாது. ஆனா எந்த எழுத்துக்கு நடுவுல வெட்டுறேங்கிறது ரிப்பேருக்கு என்ன சரக்கு கிடைக்குதுங்கிறதை மாத்திடுது. உன் ஜீன்லயே காட்டுறேன். பீட்டா குளோபினுக்கு நிறைய பேர் பயன்படுத்துற இன்னொரு கைட் இருக்கு, கொஞ்சம் முன்னாடி வெட்டும்:

```
guide  CTTGCCCCACAGGGCAGTAA CGG
HBD    TTTGCCCCACAGGGCATTGA CAG
```

டெல்டாவோட 3 எழுத்து வித்தியாசம், அதுல 17ஆவதும் 19ஆவதும் பேமுக்கு ஒட்டினாப்புல இருக்கு, போதாக்குறைக்கு டெல்டாவுல பேம் CGG இல்ல, CAG. அதனால டெல்டாவை இது தொடுறது ரொம்ப அபூர்வம். இப்போ கவனி, இதே கைடுக்கு 9ஆவது குரோமோசோம்ல ஜீன் இல்லாத ஒரு பகுதியில பேர் போன ஆஃப் டார்கெட் ஒண்ணு இருக்கு. அங்கயும் 3 எழுத்துதான் வித்தியாசம், ஆனா மூணும் பேமுக்கு எதிர்முனையில. சாதாரண காஸ்9 அதை நல்லாவே வெட்டும். ரெண்டுக்கும் தப்பு மூணுதான், ஒண்ணு வெட்டுப்படாது, ஒண்ணு வெட்டுப்படும். அதனால கைட் டூல் தர்ற பட்டியல்ல எத்தனை மிஸ்மேட்ச்னு மட்டும் பாத்து மேல கீழ அடுக்காதே, எந்த இடத்துல இருக்குன்னு ஒவ்வொண்ணா கண்ணால பாரு. இந்த 9ஆவது குரோமோசோம் வெட்டை ஹைஃபை காஸ்9, அதான் R691A மாத்தினது, வெகுவா குறைச்சிடும், 2018ல வந்தது.

அடுத்து ரிப்பேர். இந்த கைட் வெட்டுற இடத்தை கோடு போட்டு காட்டுறேன்:

```
AAGT CTGCC GTTA | CTGCC CTGTGGGG
```

வெட்டுக்கு வலப்பக்கம் CTGCC, இடப்பக்கமும் நாலு எழுத்து தள்ளி அதே CTGCC. முனையை கொஞ்சம் தின்னதும் இந்த ரெண்டு CTGCCயும் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேர்ந்துக்கும், ஒரு CTGCCயும் நடுவுல இருக்கிற GTTAவும் போயிடும். சரியா 9 எழுத்து. எம்எம்ஈஜே வழியில என்ன வரும்னு சோதனை பண்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சிடலாம். 9ங்கிறது மூணால வகுபடும், ஃபிரேம் உடையாது. இதே கைடை நாக் அவுட்டுக்கு எடுத்தா இது தொல்லை, மூணு அமினோ அமிலம் குறைஞ்ச புரதம் வந்துக்கிட்டே இருக்கும். உன் மாதிரி திருத்துற வேலைக்கு இது ஒரு அளவுகோல் ஆகுது, 9 எழுத்து டிலீஷன் நிறைய வருதுன்னா முனை தின்னப்படுதுன்னு அர்த்தம், எச்டிஆருக்கும் அதே முதல் படிதான்.

---

ராகவ்_பயோஇன்ஃபோ எழுதியது:

சின்ன ஒரு ஆட்சேபம் அக்கா. 9 எழுத்து டிலீஷன் நிறைய இருந்தா எச்டிஆரும் நல்லா வரும்னு அப்படியே எடுத்துக்க முடியாது. ரெண்டும் ஒரே முனைக்கு போட்டி போடுறதும் உண்டு, டோனர் பத்தலன்னா எம்எம்ஈஜே தின்னுட்டு போயிடும். தவிர செல்லைப் பொறுத்து மாறுது, அசல் ரத்த ஸ்டெம் செல்லு பெரும்பாலும் ஓய்வுல இருக்கும், அங்க என்எச்ஈஜே எடிட்டுதான் தங்குது. தட்டுல அளந்தப்ப நிறைய இருந்த எம்எம்ஈஜே டிலீஷன் எலிக்குள்ள ஒட்ட வெச்சப்புறம் குறைஞ்சு போறதை பிசிஎல்11ஏ கைட்ல பாத்திருக்காங்க.

---

வேம்பு எழுதியது:

ஏத்துக்கிறேன், அளவுகோல்னு சொன்னது கொஞ்சம் அதிகம்தான். முனை தின்னப்படுதுங்கிறதுக்கு அடையாளம், அதுக்கு மேல இல்ல.

---

நிலா_பெட்ரிடிஷ் எழுதியது:

அக்கா ஒரு சந்தேகம், புது கைட் வெட்டுற இடத்துக்கும் 6ஆவது கோடானுக்கும் தூரம் எண்ணினேன், 17 வருது. என்னோட பழைய கைடுக்கு 26. அது பிரச்சனையா? ஏன்னா என் க்ளோன்ல இன்னொரு வகை இருக்கு, 5 க்ளோன்ல நான் வெச்ச GCT வந்திருக்கு, ஆனா 6ஆவது கோடான் இன்னும் GTGயாவே இருக்கு. டோனர் பாதி மட்டும் எப்படி போகும்னு புரியாம ஒதுக்கி வெச்சிருந்தேன்.

---

வேம்பு எழுதியது:

அதுதான் தூரத்தோட விளைவு, நல்லா கவனிச்சிருக்கே. ஒத்தை இழை டோனரை பாத்து வெட்டு முனை நீளும், ஆனா டோனரோட கடைசி வரைக்கும் போகணும்னு கட்டாயம் இல்ல, கொஞ்ச தூரம் காப்பி எடுத்துட்டு விலகி எதிர் முனையோட ஒட்டிக்கும். வெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற GCT வந்துடும், 26 எழுத்து தள்ளி இருக்கிற GAG வர்றதுக்குள்ள நின்னுடும். 2016ல ஐபிஎஸ் செல்லுல அளந்து காட்டினாங்க, வெட்டுல இருந்து தள்ளத் தள்ள மாற்றம் உள்ள போற விகிதம் வேகமா விழுது, பத்து எழுத்துக்குள்ள இருக்கிறதுதான் நல்லது. ஒரு அல்லீல்ல மட்டும் மாற்றம் வேணும்னு நினைக்கிறவங்க வேணும்னே தள்ளி வெட்டுறதும் இதனாலதான். 17ங்கிறது 26ஐ விட தேவலாம், அவ்வளவுதான் சொல்லுவேன்.

இன்னும் பக்கத்துல வேணும்னா மூணாவது கைட் ஒண்ணு இருக்கு, நோயாளி எழுத்துக்கே பொருந்துறது:

```
GTAACGGCAGACTTCTCCAC AGG
```

இது 6ஆவது கோடான் முடியுற இடத்துலயே வெட்டும், தூரம் ஒரு எழுத்து. டெல்டாவோட 5 எழுத்து வித்தியாசம். திருத்தினதும் பேம்ல இருந்து ரெண்டாவது எழுத்து மாறிடும், திரும்ப வெட்டுறதும் குறையும், ஆனா ஒரு எழுத்தை மட்டும் நம்பாம இன்னொரு சைலன்ட் மாற்றமும் வெச்சுக்கோ. உன் செல்லுல நல்லா வெட்டுமான்னு முதல்ல டோனர் இல்லாம ஓட்டிப் பாரு. ஆஃப் டார்கெட்டை பட்டியலை மட்டும் பாத்து விட்டுடாம கைட்-சீக்கோ சர்க்கிள்-சீக்கோ ஏதோ ஒண்ணு பண்ணு.

ரெண்டாவதா சொன்ன புது கைடை எடுத்தா ஒரு விஷயம் ஜாக்கிரதை. அதோட பேம் 10ஆவது கோடான் GCCல விழுது. பழக்கத்துல GCTன்னு மாத்திடாதே, டெல்டாவுல அங்க இருக்கிறதே GCTதான், அப்புறம் உன் அடையாளம் டோனர்ல இருந்து வந்துச்சா டெல்டாவுல இருந்து வந்துச்சான்னு ஆயுசுக்கும் தெரியாது. GCAன்னு போடு. அலனின்தான் வரும், பேம் CTG ஆயிடும், CAGயை விட அது இன்னும் நல்லது, ஏன்னா CAGல காஸ்9 லேசா கடிக்கும்.

---

தாமரை_சேலம் எழுதியது:

ரொம்ப நன்றி வேம்பு மேடம். ஒரே ஒரு கேள்வி, அந்த பிசிஎல்11ஏ வெட்டுல வேற இடத்துல வெட்டு விழுந்ததுன்னு இருக்கா? டாக்டர்கிட்ட கேக்குறப்ப என்ன கேக்கணும்னு தெரியணும்.

---

ராகவ்_பயோஇன்ஃபோ எழுதியது:

அம்மா, பொதுவா நல்ல கைட் அது. ஆனா ஆளுக்கு ஆள் ஜீனோம் மாறும்ங்கிறதுக்கு உதாரணமா 2023ல ஒண்ணு வெளிவந்துச்சு. சிபிஎஸ்1ங்கிற ஜீனுக்குள்ள ஒரு எழுத்து சிலருக்கு மாறி இருக்கும், `rs114518452`, அந்த மாற்றம் இருந்தா அங்க புதுசா ஒரு பேம் உண்டாகி கைட் வெட்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினர்கிட்ட அந்த மாற்றம் சுமார் 4.5% அளவுக்கு இருக்கு. மாதிரி ஜீனோமை மட்டும் வெச்சு தேடினா இது கண்ணுல படாது. வெட்டு விழுந்தா அதனால நோய் வரும்னு யாரும் காட்டல. டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது, நோயாளியோட சொந்த ஜீனோமை வெச்சு ஆஃப் டார்கெட் பாக்குறாங்களா, சிகிச்சைக்கு அப்புறம் எத்தனை வருஷம் தொடர்ந்து பாப்பாங்க, இந்த ரெண்டும்.

---

நிலா_பெட்ரிடிஷ் எழுதியது (19 நாள் கழிச்சு):

ரிசல்ட் வந்துடுச்சு, வேம்பு அக்கா சொன்ன மூணும் பண்ணேன்.

டெல்டா எழுத்து இருந்த 4ல 3 க்ளோன்ல புது ஃபார்வர்டுக்கு பேண்டே இல்ல, டெல்டா ஃபார்வர்டுக்கு சின்ன பேண்டு பளிச்னு வந்துச்சு, நடுத்துண்டு காப்பி பூஜ்யம். அதாவது 14ஆவது க்ளோன்ல ரெண்டு அல்லீலுமே ஒட்டு ஜீன்!! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போயிருக்கு, அதனாலதான் ஒத்தை பீக்.

GCT அடையாளம் இருந்த 3ல ஒண்ணுல காப்பி ஒண்ணுதான் வருது. திருத்தின அல்லீல் ஒண்ணு நிஜம், இன்னொண்ணு ஒட்டு ஜீனாவும் வரல. அதுல ஃபார்வர்ட் ப்ரைமர் இடமும் சேர்ந்து வேற ஏதோ பெருசா போயிருக்கு போல, அது என்னன்னு தெரியல. மத்த ரெண்டும் காப்பி ரெண்டு, பக்கத்துல இருக்கிற ஹெட்டரோசைகஸ் எஸ்என்பியும் ரெண்டு எழுத்தும் காட்டுது, அதை இப்போதைக்கு நம்புறேன்.

மிச்சம் 31ஆவது க்ளோன். இதுல புது ஃபார்வர்டுக்கு பேண்டு வருது, உள்ள டெல்டா எழுத்து இருக்கு, சின்ன பேண்டு இல்ல, காப்பி ரெண்டு. குமரன் அண்ணா சொன்ன கன்வெர்ஷன் இதுவா?

---

குமரன்78 எழுதியது:

ஒண்ணாவது சரியா வந்துச்சே! அந்த க்ளோனை தூக்கிப் போட்டுடாதீங்க, நோய் எழுத்து போயிருக்குல்ல, வெச்சு ரத்த செல்லா மாத்திப் பாருங்க. (எங்க 80% பத்தி, நீள ரீடு அனுப்பியிருக்கோம், இன்னும் வரல.)

---

வேம்பு எழுதியது:

கன்வெர்ஷன்தான்னு தோணுது, ஆனா 31ஐ திருத்தின க்ளோன்னு பேப்பர்ல போட விடமாட்டேன். டெல்டா எழுத்தோட 9ஆவது இடத்துல செரினுக்கு பதிலா த்ரியோனின் வருது, 12ஆவது இடத்துல த்ரியோனினுக்கு பதிலா அஸ்பராஜின். அது சாதாரண பீட்டா குளோபின் கிடையாது. டெல்டா எழுத்து மேல்பக்கம் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்தியா? ப்ரமோட்டர் வரைக்கும் டெல்டா ஆகியிருந்தா உற்பத்தியும் படுத்துடும்.

---

ராகவ்_பயோஇன்ஃபோ எழுதியது:

எனக்கு குமரன் பக்கம்தான். திருத்தின க்ளோன்னு போட வேணாம், சரி, ஆனா டோனர் இருக்கும்போதே செல் டெல்டாவை ஏன் எடுத்துச்சுங்கிறதே தனி கேள்வி. டெல்டாவும் வெட்டுப்பட்டு அதோட முனை திறந்து கிடந்ததால அது பக்கத்துல கிடைச்ச டெம்ப்ளேட் ஆச்சா, இல்ல வெட்டுப்படாத டெல்டாவா? டெல்டாவை வெட்டாத புது கைட்லயும் இது வருதான்னு பாத்தா தெரிஞ்சுடும். 31ஐ ஃப்ரீஸ் பண்ணி வையுங்க.

---

நிலா_பெட்ரிடிஷ் எழுதியது:

மூணு வயல் ஃப்ரீஸ் பண்ணிட்டேன். நீள ரீடு வாங்க காசு கேட்டிருக்கேன். புது கைட், மூணாவது கைட் ரெண்டும் ஹைஃபையோட ஆர்டர் போட்டாச்சு, டோனர்ல 10ஆவது கோடான் GCA. இந்த தடவை ப்ரைமரை வெட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கிலோபேஸ் தள்ளி, டெல்டாவுல பிடிக்காத இடமா பாத்து போட்டிருக்கேன், காப்பி எண்ணிக்கை சாங்கருக்கு முன்னாடியே பாத்துடுவேன். செல் உருகி எழ ஒரு வாரம் ஆகும், வந்து எழுதுறேன்.